மூடி டாக்டர் வீட்டுக் குக்கர்

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூடி டாக்டர் என்றால்தான் தெரியும். மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை. உள்ளே ஒரு ஸ்டூல், ஓர் அடுப்பு, சுவர் முழுக்கக் குக்கர் கைப்பிடிகளும் வெயிட்டுகளும். யாராவது ஒரு குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிடும்.

"விசில் வருதாம்மா?"

"வருது. முன்னைவிட ரொம்ப நேரம் ஆகுது."

"ஓரத்துல தண்ணி வழியுதா?"

"அடுப்பெல்லாம் நனையுது."

"மூடி லேசாத் திரும்புதா?"

"சுண்டுவிரலால தள்ளினாலே திரும்புது."

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ரப்பருக்கு வயசாயிடுச்சு."

பிறகு மூடியிலிருந்து கேஸ்கட்டை உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவே மடக்கிக் காட்டுவார். மடிந்த இடத்தில் மயிரிழைபோல வெடிப்புகள் தெரியும். "கிழியட்டும், அப்புறம் மாத்தலாம்னு காத்திருக்காதீங்க. இறுகிப்போனாலும் சரி, தொளதொளன்னு ஆனாலும் சரி, இது முடிஞ்சுபோச்சு" என்பார்.

கடை போடுவதற்கு முன் ஒன்பது வருடம் குக்கர் தொழிற்சாலையில் இருந்தவர். நாள் முழுக்க மூடி போட்டு, ஆவி கசிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆளிடம் ஒரே ஒரு குறை. தப்பு தன்னுடையது என்று மட்டும் சொல்ல வராது. ஆணி வளைந்தால் ஆணியின் குணம், பால் பொங்கினால் பாலின் குணம். "இவர் தடுக்கி விழுந்தா, தரை மேல ஏறி வந்துச்சும்பார்" என்று அவர் மனைவி சொல்லுவாள்.

அவள் மூன்று வருடமாக அடுத்த தெரு அச்சகத்தில் வேலை பார்க்கும் பதினான்கு பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பத்து லிட்டர் குக்கரும் இரண்டு அடுப்பும்தான் முதலீடு. அந்த வேலை வந்த பிறகு அவள் நடையிலேயே ஒரு நிமிர்வு வந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும். சொன்னதில்லை.

அந்த வாரம் அவளுக்கு நேரம் சரியில்லை. செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை வேகவில்லை. புதன்கிழமை உருளைக்கிழங்கு வேகவில்லை, அடியும் பிடித்தது. அன்று மாலை அச்சக மேற்பார்வையாளர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: நாளைக்கும் இப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

வியாழக்கிழமை காலை குக்கர் அடுப்பில் புசுபுசுவென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல வருதுங்க. கேஸ்கட்தான்."

"அது ஞாயித்துக்கிழமை போட்டது. புத்தம் புதுசு. நானே போட்டேன்."

"நீங்க போட்டா கசியாதுன்னு அதுக்குத் தெரியலையே."

"தீயைக் கூட்டி வை. இது பழைய கடலையா இருக்கும்."

"திங்கக்கிழமை வாங்கினது. என்னையும் பழசுன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

அவர் கிளம்பிவிட்டார். கிளம்பினாரே தவிர, அந்தப் பெருமூச்சு காதை விட்டுப் போகவில்லை.

பத்தரை மணிக்கு ஒரு டீச்சர் குக்கரோடு வந்தார். வழக்கமான கேள்விகள், வழக்கமான பதில்கள். "ரப்பருக்கு வயசாயிடுச்சும்மா" என்றார் இவர்.

"போன வாரம் நீங்கதான் டாக்டர் மாத்தினீங்க" என்றார் டீச்சர்.

அவர் கேஸ்கட்டை உருவி மடக்கினார். ஒரு பாதி மெத்தென்று வளைந்தது. மறுபாதி மரக்கட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பாதி சாம்பல் நிறம், பொடிப்பொடியாக வெடிப்பு. ஓரிடத்தில் அழுத்திப் பிடித்ததுபோல ஒரு பள்ளம். ஒரு வாரத்தில் எந்த ரப்பரும் இப்படி ஆகாது.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கடை வாசலில் ஓர் ஆணி. தூரத்திலிருந்தே கடை தெரியட்டும் என்று அதில் கேஸ்கட்டுகளைக் கொத்தாக மாட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மதியம் தொடங்கி மாலை வரை வெயில் நேராக அதன்மேல்தான் விழும். ஆணியில் தொங்கிய இடத்தில் எல்லா வளையத்திலும் அதே பள்ளம்.

வீட்டுக் குக்கருக்கும் அந்தக் கொத்திலிருந்துதான் எடுத்திருந்தார். நம்ம வீட்டுக்குத்தானே, கைக்கு எட்டியது போதும் என்று.

"பொருளோட குணம்..." என்று ஆரம்பித்தவர், டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே தகரப்பெட்டியில் உறை பிரிக்காமல் இருந்ததிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொடுத்தார். பத்து லிட்டர் அளவில் இன்னொன்றைச் சட்டைப்பையில் திணித்தார். கடையைச் சாத்தினார். பட்டப்பகலில் அவர் ஓடியதை அன்றுதான் தெரு பார்த்தது.

வீட்டில் அவள் அவர் சட்டைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வளையத்தைப் பார்த்தாள். அடுப்பில் குக்கர் அதே பெருமூச்சு. அவர் அடுப்பை அணைத்தார்.

"சீக்கிரம் திறங்க."

"ஆவி அடங்கட்டும். அவசரப்பட்டா முகம் வெந்துடும்."

இருவரும் நின்றார்கள். வெயிட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கி, மூச்சு முழுக்க நின்றதும் மூடியைத் திறந்தார். கடலையைக் கிள்ளினாள். நடுவில் இன்னும் கல். தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெந்நீர் ஊற்றி அளவைச் சரிசெய்தாள்.

அவர் மூடியைக் குழாயடியில் ஆறவைத்து, பழைய கேஸ்கட்டை உருவினார். விளிம்பின் உள்மடிப்பில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்ததைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அங்கே ரப்பர் தூக்கிக்கொள்ளும். புதியதைக் கழுவி, ஓரிடத்தில் தொடங்கி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி அழுத்தி மடிப்புக்குள் உட்காரவைத்தார். எங்கேயும் முறுக்கோ மேடோ இல்லை என்று விரலால் ஒருமுறை சுற்றிவந்தார். ஒரு சொட்டு எண்ணெயைத் தடவினார்.

மூடி இறுக்கமாகத் திரும்பியது. அவள் அடிப்பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் திருகினார்.

"இப்படி இருக்கணும்" என்றார். "புது ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"பிடிக்கட்டும். பழகினதுதானே எனக்கு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூடியின் மேல் குழாயில் ஆவி நேராக எழுந்தது. வெயிட்டைப் போட்டார். ஒரு டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து, மூடியின் ஓரத்துக்குச் சற்றுத் தள்ளிச் சுற்றிக் கொண்டுபோனார். தொழிற்சாலையில் கற்றது அது. கசிந்தால் டம்ளர் வியர்க்கும். வியர்க்கவில்லை.

மணி பதினொன்று பத்து.

"ஆணியில தொங்கவிட்டுட்டேன்" என்றார் அடுப்பைப் பார்த்தபடி. "வெயில்ல. அதை எடுத்து உனக்கே போட்டேன். கடலை மேல தப்பில்ல. தப்பு என்னோடது."

"என்ன சொன்னீங்க? விசில் சத்தத்துல கேக்கல."

"விசில் இன்னும் வரவே இல்லையே."

"அதான், வர்றதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லிடுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். சொல்லி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் விசில் வந்தது. வந்தபோது அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்தாள். பதினொன்றே முக்காலுக்குக் குக்கரைத் திறந்தபோது, இரண்டு விரலுக்கு நடுவே கடலை வெண்ணெயாக நசுங்கியது.

கேரியரை அவரே எடுத்துக்கொண்டு போனார். அச்சகத்தில் இயந்திரங்கள் நின்றன, தட்டுகள் வந்தன. மேற்பார்வையாளர் முதலில் ஒரே ஒரு கடலையை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். மூடி டாக்டர் கடைவாசலில் எத்தனையோ பேரை இப்படி நிற்கவைத்திருக்கிறார். நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

காலி கேரியரோடு திரும்பியபோது அவள் வாசலிலேயே இருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் முகம் சுண்டியது.

"ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டார்" என்றார் அவர். "மூணாவது தடவையும். நாளைக்கு என்ன சமையல்னு கேட்டார். அதை நான் எப்படிச் சொல்றது, அவங்களைத்தான் கேக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.