என் வழியனுப்பு விழாவுக்கு நானே எழுதிய தமிழ்

என்னைப் பாராட்டிப் பேசப்போகும் பேச்சை என்னிடமே கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

கொடைக்கானலில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் அலுவலகத்தில் நான் கிளார்க். சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலி. வந்துபோன பிரின்சிபால்களில் ஒருவருக்கும் தமிழ் பேச வராது. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசிவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே நான் நிற்பேன். அதைத் தமிழில் சொல்வேன். பிறகு அடுத்த வாக்கியம். வில்பட்டியிலிருந்தும் அட்டுவம்பட்டியிலிருந்தும் வருகிற தாய் தகப்பனுக்குப் பள்ளிக்கூடத்தின் குரல் என்றால் அது என் தொண்டைதான். சுற்றறிக்கையும் அப்படியே. 'தமிழ் ப்ளீஸ்' என்று மெயில் வரும், நான் எழுதுவேன். என் வேலைப் பட்டியலில் இது எங்கும் இல்லை. எவருக்கும் அது நினைவில்லை.

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வாரம் அதே 'தமிழ் ப்ளீஸ்' வந்தது. திறந்தால் என் பேச்சு. நீண்ட நாள் பணியாற்றிய நம் கிளார்க் என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம். தவறிப் போய் வந்திருக்கும் என்று நினைத்துப் பிரின்சிபால் அம்மாவின் அறைக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேறு யார் செய்வார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் குடும்பத்தார் எல்லாரும் வருகிறார்கள், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சாதாரணப் பேச்சுத் தமிழில் இருக்கட்டும், மேடைத் தமிழ் வேண்டாம் என்றும் சொன்னார். தான் ஆங்கிலத்தில் வாசிப்பதாகவும், ஆபீஸ் பெண் தமிழை வாசிக்கட்டும் என்றும் ஏற்பாடு சொன்னார். அதில் கிண்டல் ஏதும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரே காரணம், அந்தப் பேச்சின் கடைசியில் இருந்த ஒரு வாக்கியம். அதற்கு வருகிறேன்.

முதல் வாக்கியமே காலை வாரியது. கனத்த இதயத்தோடு கூடியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் அது சும்மா ஒரு மரியாதை. தமிழில் அப்படிச் சொன்னால் ஹாலில் இருப்பவர்கள் யார் செத்தது என்று பார்ப்பார்கள். 'இன்னைக்கு எங்களுக்குச் சந்தோஷமும் இருக்கு, சங்கடமும் இருக்கு' என்று எழுதினேன். அடுத்தது, நாங்கள் உங்களை மிஸ் பண்ணுவோம். இதற்குத் தமிழில் ஒரு வினைச்சொல்லைத் தேடி எத்தனையோ முறை தோற்றவன் நான். பேச்சில் யாரும் அதை வினையாகச் சொல்வதில்லை, நடக்கப்போவதைச் சொல்வார்கள். 'நாளையில இருந்து ஒரு பேப்பர் காணலேன்னா யாரைப் போய்க் கேக்கறதுன்னு தெரியலை' என்று போட்டேன். எழுதிவிட்டுப் பார்த்தால் என்னை நானே தூக்கிவைத்துப் பேசுவது போல இருந்தது. கூச்சத்தில் அழித்தேன். அழித்தால் ஆங்கிலத்தில் இருப்பது தமிழில் இல்லாமல் போகிறது. மறுபடி எழுதினேன். அடுத்தவரைப் பற்றியென்றால் அரை மணி நேரச் சோலி. என்னைப் பற்றி என்பதால் சாயங்காலம் முழுக்கப் போனது.

ஓரிடத்தில், இவர் முட்டாள்களைப் பொறுத்துக்கொண்டதில்லை என்று பாராட்டு. ஆங்கிலத்தில் அது கம்பீரம். அப்படியே தமிழில் வாசித்தால், கூட வேலை பார்த்தவர்களையெல்லாம் முட்டாள் என்று நான் சொல்லிக் கொடுத்ததாக ஆகும். 'வேலையில விளையாட்டுக் காட்டினா இவருக்கு ஆகாது' என்று முடித்தேன். இன்னோர் இடத்தில் ஒரே வாக்கியம் ஆறு வரிக்கு ஓடியது. தமிழில் வினை கடைசியில்தானே வரும். அதை அப்படியே திருப்பினால் கேட்பவர் என்ன ஆச்சு என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாக வெட்டினேன். இனி நன்றாக ஓய்வெடுங்கள் என்று இருந்ததையும் மாற்றினேன். விவசாயக் குடும்பத்தார் முன்னால் அதைச் சொன்னால் கன்னிவாடியிலிருந்து வரும் என் மச்சான்மார் கொல்லென்று சிரிப்பார்கள். 'இனிமேலாவது வெள்ளனே வீடு போய்ச் சேருங்க' என்றேன்.

இப்போது அந்தக் கடைசி வாக்கியம். இவரை எங்களோடு பகிர்ந்துகொண்ட இவர் குடும்பத்துக்கு நன்றி. ஆங்கிலத்தில் வழக்கமான உபசாரம். தமிழில் புருஷனைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. வில்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் காடு. பூண்டும் கேரட்டும் போடுவோம். போடுவோம் என்கிறேனே, போட்டது என் மனைவி. பூண்டு நடுகிற நாளெல்லாம் பள்ளியில் அட்மிஷன். களை வெட்டுகிற நாளெல்லாம் ஆடிட். நான் பஸ் ஏறிவிடுவேன். எங்கள் சொந்தத்திலோ, ஆபீஸ்காரரைக் கட்டிக்கொண்டு அவள் சொகுசாக இருக்கிறாள் என்றுதான் பேச்சு. அவளுடைய அண்ணன் தம்பிகளே அப்படி நினைத்தார்கள். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் எடுத்துச் சொன்னால் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். பள்ளிக்கூடம் சொன்னால், அதுவும் மைக்கில் சொன்னால், அதற்கு ஒரு எடை உண்டு. எத்தனை குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தின் வார்த்தையை நான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். என் வீட்டுக்கும் ஒன்று சேரட்டுமே என்று நினைத்தேன்.

வெறும் நன்றி எங்கள் பக்கம் ஒட்டாது. எதற்கு என்று சொன்னால்தான் அது நன்றி. அதனால் அந்த ஒரு வரியை நாலு வரியாக விரித்தேன். மொழிபெயர்ப்பில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே வாதாடுவேன்.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. மேடையில் எனக்கு மாலை, பொன்னாடை. மூன்றாவது வரிசையில் என் மனைவி, பக்கத்தில் மச்சான்மார், பின்னால் வில்பட்டிப் பெண்கள். பெரிய மச்சான் கையை ஆட்டி, "மாப்ள, கல்யாணத்தன்னிக்கே இம்புட்டுப் பெரிய மாலை போடலையே!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிரின்சிபால் அம்மா மைக்கைப் பிடித்து ஒரு வாக்கியம் படித்தார். ஆபீஸ் பெண் தன் தாளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது. அம்மாள் படித்த வாக்கியம் அதில் இல்லை. அம்மாள் காலையில் உட்கார்ந்து பேச்சைத் திருத்தியிருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை. தமிழ் என்பது குழாயைத் திறந்தால் வருவது என்று பழகியவர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. படித்து நிறுத்திவிட்டுத் தன் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார். அங்கே மாலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலும் பார்த்தது.

என்ன செய்ய? எழுந்து மைக்குக்கு அருகில் போனேன். என்னை வழியனுப்புகிற பேச்சுக்கு நானே நின்று தமிழ் சொன்னேன்.

மொழிபெயர்க்கும்போது பேசுபவரின் இடத்தில்தான் நிற்க வேண்டும். 'நாங்க' என்றால் பள்ளிக்கூடம். அப்படியென்றால் நான் யார்? "இவரு அதிகம் பேச மாட்டாருங்க" என்று என் மாலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். ஹால் அதிர்ந்தது. "இவரு ரொம்பப் பொறுமைசாலி" என்று சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மக்கள் கைதட்டிக் குதூகலித்தார்கள். எனக்கு மாலைக்குள் வியர்த்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வாக்கியம் வாக்கியமாக வந்துகொண்டே இருந்தது. அம்மாள் தாளை மடித்தார். "தேங்க் யூ. லஞ்ச் இஸ் ரெடி" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான். வெட்டிவிட்டார். சுருக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு அந்த வரி உபசாரமாகத் தெரிந்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"கடைசியா ஒண்ணு சொல்லணும். இவரு ஆபீஸ்ல உக்காந்திருந்தப்போ அங்க காட்டுல ஒத்தையா நின்னது இவரு வீட்டம்மா. பூண்டு நட்டது, களை வெட்டுனது, காட்டுமாடு எறங்குனா வெரட்டுனது எல்லாம் அவங்கதான். இவரு சம்பளத்துல மட்டும் அந்தக் குடும்பம் நடந்துச்சுன்னு யாராவது நெனச்சா அது தப்புங்க. அந்தம்மாவுக்குப் பள்ளிக்கூடத்து சார்பா ஒரு பெரிய கும்பிடு. எல்லாரும் சாப்பிடப் போங்க."

ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்சிபால் அம்மா சிரித்த முகமாகத் தலையாட்டினார். வில்பட்டிப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்ததும் அவரும் சேர்ந்து தட்டினார். பெரிய மச்சான் கைதட்டவில்லை. தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தபடி இருந்தார். அது போதும் என்று எனக்கு இருந்தது. என் மனைவி தலை குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து, ரிட்டயர் ஆனவரை வீடு வரை கொண்டுபோய் விடும் வழக்கப்படி, பள்ளி வேனில் எல்லாரும் வில்பட்டிக்கு வந்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மச்சான்மாரும் மலை இறங்கினார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அவள் பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியில அந்தம்மா ரெண்டு வார்த்தைதான பேசுச்சு. நீங்க அம்புட்டு நேரம் பேசுனீங்க. அது அந்தம்மா சொன்னதா, நீங்க சொன்னதா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. பெருமையும் கொஞ்சம் இருந்தது. "நான் சொன்னதுதான்" என்றேன்.

முகம் மலரும் என்று நினைத்தேன். அவள் மடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு அடுத்தவ வாயில வச்சுச் சொன்னீங்க? நம்ம வீட்டுல வச்சு, ஒங்க வாயால ஒருநா சொல்லியிருந்தா எனக்குப் போதாதா?"

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"சரி, இப்பச் சொல்லுங்க. கேப்போம்" என்றாள்.

வாயைத் திறந்தேன். "இவரு வீட்டம்மா..." என்றுதான் வந்தது.

"மாலையைக் கழட்டிட்டு வாங்க, பால் பொங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.