அசையாத வெள்ளைத் துண்டு

அந்த கேம் கம்பெனியில் எல்லாரும் அவளைப் பட்டைக்காரி என்றுதான் சொல்வார்கள். சண்டை போடுகிற வீரனுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டுமே, அந்தப் பட்டை அவள் கைவேலை. அடி விழுந்தால் சிவப்பு வழுக்கிக்கொண்டு குறையும். அது காலி செய்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு அரை நொடி தயங்கி நிற்கும். பிறகு மெல்ல நகர்ந்து சிவப்பை எட்டிப் பிடிக்கும். வாங்கிய அடி எவ்வளவு பெரிது என்று ஆடுகிறவனுக்கு உறைக்கத்தான் அந்தத் தயக்கம். அந்த விளையாட்டிலேயே யாரும் சொல்லாமல் அவளாக ஆசைப்பட்டுச் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொன்னதைச் செய்தது.

அதற்கும் வந்தது வினை. விளையாடிப் பார்க்க அழைத்த ஆட்கள், சில சமயம் பாதிப் பட்டை இருக்கும்போதே செத்துப்போகிறோம் என்று புலம்பிவிட்டுப் போனார்கள்.

"அந்த வெள்ளையத் தூக்கிரும்மா," என்றார் முதலாளி. "சிவப்பு மட்டும் போதும்."

"சாயங்காலம் வரைக்கும் விடுங்க சார். எங்க தப்புன்னு பாத்துடுறேன்."

"சாயங்காலம் வரைக்கும்தான்."

குழந்தைக்குச் சளி, ராத்திரி தூக்கமில்லை. எரிகிற கண்ணோடு உட்கார்ந்து வீரனைக் கத்தியால் வெட்டினாள், கல்லால் அடித்தாள். வெள்ளை ஒழுங்காக நின்று ஒழுங்காகவே நகர்ந்தது. மத்தியானமும் போயிற்று.

பக்கத்து நாற்காலிக்காரன் விளையாட்டைச் சோதிக்கிறவன். செத்துச் செத்துச் சம்பளம் வாங்குகிறவன். நின்றாலே உயிர் குறையும் விஷச் சதுப்பு ஒன்று விளையாட்டில் உண்டு; வீரனை அதில் நிறுத்திவிட்டு ரொட்டியைப் பிரித்தான்.

"ஏக்கா, உங்க வெள்ளை என்ன, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிளம்பவே மாட்டேங்குது?"

எட்டிப் பார்த்தாள். சிவப்பு சொட்டுச் சொட்டாகத் தேய்ந்து நூலாகிவிட்டது. வெள்ளையோ முதலில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அதையும் உயிர் என்று நம்பித்தான் ஆட்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

"அட, என் புத்திய..."

ஒவ்வொரு அடிக்கும் அரை நொடிக் காத்திருப்பை முதலிலிருந்து எண்ணும்படி நிரலில் எழுதியிருந்தாள். கத்திக்கு அது சரி. விஷமோ அரை நொடி முடிவதற்குள் அடுத்த கடி கடிக்கிறது; எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. வெள்ளை எப்போது கிளம்பும்?

ஓடுகிற எண்ணிக்கையை விஷக்கடி கலைக்கக் கூடாது, நிஜமான அடி மட்டும் கலைக்கலாம் என்று மாற்றினாள். இப்போது வெள்ளை ஒரு கணம் நின்றுவிட்டு, தேய்கிற சிவப்பின் பின்னாலேயே போயிற்று.

முதலாளி வந்து, வீரன் ஒருமுறை சாகும்வரை பார்த்தார்.

"இப்ப புரியுது. வெள்ளைய எடுத்துட்டியா?"

"இருக்கு சார்."

"இருக்கா? கண்ணை உறுத்தவே இல்லையே. சரி, இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் பாராட்டு. விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். பையைத் தோளில் மாட்டிய பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கிளம்பலையாக்கா?"

"இருடா. இன்னிக்கு வாங்கின அடிக்கு என்னோட வெள்ளை இன்னும் வந்து சேரல."