மாப்ளைக்குப் போன சீட்டும் ஆபீஸுக்குப் போன மனுவும்

ஒத்தப்புளிப்பட்டி அன்னக்கொடிக்குக் கோபம் வந்தால் ஊரே ஒதுங்கிப் போகும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஒதுங்கிப் போகிறவர்கள் நாலடி தள்ளி நின்று வேடிக்கையும் பார்ப்பார்கள். அவளுடைய கோபத்தில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும், அதுதான் அவர்களுக்குப் பொறுக்காது.

எண்பதாம் வருஷத்துக் கோடையில் அவள் கோபமெல்லாம் டிரான்ஸ்பார்மர் மேல் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட காட்டில் கிணற்றை நம்பிப் பருத்தி போட்டவர்களுக்கு மோட்டார்தான் தெய்வம். அந்தத் தெய்வத்துக்கு மூன்று பேஸ் கரண்டு வேண்டும். டிரான்ஸ்பார்மரில் ஒரு பீஸ் கம்பி உருகிப் போனால் ஒரு பேஸ் செத்துப்போகும். மிச்ச இரண்டில் மோட்டார் உறுமும், சூடேறும், உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகும். அந்த வருஷம் பீஸ் அடிக்கடி போனது.

போனால் ஆபீஸுக்கு யாரும் எழுதமாட்டார்கள். எழுதுவது கௌரவக் குறைச்சல். லைன்மேன் வீரணன் அன்னக்கொடியின் சித்தப்பா மகன். அவள் புருஷன் உக்கிரபாண்டிக்கு மாப்ள. சொந்தக்காரன் மேலேயே எழுதிக் கொடுப்பதா? ஆகவே பால்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டு போகும்: "மாப்ள, ஒரு பேஸ் இல்ல. பொழுது சாயிறதுக்குள்ள வந்துட்டுப் போ." சாயங்காலம் அதே சீட்டு திரும்பி வரும். பின்பக்கத்தில் வீரணன் எழுதியிருப்பான்: "மச்சான், இன்னைக்குத் தோதுப்படாது. நீங்களே இறக்கிட்டுப் போட்டுக்கங்க."

இறக்குவது என்றால் டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் கீழே உள்ள கைப்பிடியை இறக்குவது. இறக்கினால் உச்சியில் லைனை இணைக்கும் கத்தி மாதிரியான மூன்று தகடுகளும் விலகிக் கரண்டு நின்றுபோகும். அதற்கப்புறம்தான் ஆள் ஏறலாம். கைப்பிடிக்குப் பூட்டு உண்டு. சாவி லைன்மேனைத் தவிர யார் கையிலும் இருக்கக்கூடாது. வீரணனோ அலைச்சல் மிச்சம் என்று சாவியை மச்சான் கையிலேயே கொடுத்துவிட்டான். உக்கிரபாண்டி அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, ஊருக்கே சின்ன லைன்மேனாகிவிட்டார். ஊரும் அவரைப் பாராட்டியே மேலே ஏற்றியது. யார் வீட்டுப் பிள்ளையோ, ஏறினால் நமக்கென்ன என்கிற ஊர் அது.

ஒருநாள் காலையில் அன்னக்கொடி கஞ்சித் தூக்கோடு அந்த வழியாக வந்தாள். உக்கிரபாண்டி கைப்பிடியை இறக்கிவிட்டு முதல் படியில் கால் வைத்திருந்தார். அவள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கத்திகள் விலகியிருந்தன. மூன்றாவது விலகாமல் அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. தூக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அவர் மேலே பார்த்தார். பார்த்தபின் கைப்பிடியை ஏற்றி ஏற்றி இறக்கினார். மூன்றாவது கத்தியும் மெல்ல விலகியது. நாலுபேர் பார்க்க வேட்டியைப் பிடித்து இழுத்த அவமானம்தான் அவருக்குப் பெரிதாய்ப் போயிற்று. "பொட்டச்சிக்கு இங்க என்னடி வேலை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறினார். அவர் இறங்குகிறவரைக்கும் அவள் அந்த மூன்றாவது கத்தியையே பார்த்துக்கொண்டு கீழே நின்றாள்.

அன்றே வீட்டிலிருந்த சீட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினாள். மிஷன் பள்ளிக்கூடத்துத் தெரசா டீச்சர் வீட்டுக்குப் காய்ந்த பருத்திமார் விறகு கொண்டுபோய்ப் போட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. டீச்சர் முழுநீளத் தாளில் கார்பன் வைத்து உட்கார்ந்தார். அன்னக்கொடி சொல்லச் சொல்ல அவர் எழுதியது வேறாக இருந்தது. "அந்த எடுபட்ட பய எம்புட்டுச் சொல்லியும் எட்டிப் பாக்கல" என்றது, "பலமுறை தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை" என்று ஆயிற்று. அனுப்புநர், பெறுநர், பொருள், மின் இணைப்பு எண், சீட்டுகளில் கண்ட தேதிகள் எல்லாம் வரிசையாக ஏறின.

"அவரு மேல ஏறுறத எழுதலையே டீச்சர்."

"அது வேண்டாம்மா. வெளியாள் அதத் தொட்டாக் குத்தம். உங்க வீட்டுக்காரர் மேலேயே கேஸ் வரும்."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் வாங்கிக்கொண்டு போனாள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்து எழுத்தர் முதல் இரண்டு வரியைப் படித்தார். "பீஸ் போச்சா? லைன்மேன்ட்டச் சொல்லும்மா" என்று மனுவைக் கட்டோடு கட்டாக வைத்தார். லைன்மேனைப் பற்றிய மனுவை லைன்மேனிடமே சொல்லச் சொல்கிறார் மனிதர். அன்னக்கொடிக்குக் காது மடல் சூடேறியது. திரும்பி டீச்சரிடமே வந்தாள்.

"அழகா எழுதுனீக டீச்சர். ஆனா சாகப்போறவனப் பத்தி ஒரு வரி இல்ல. கேஸ் வந்தா ஜெயில்ல போய்ப் பாத்துக்கிறேன். மறுபடி எழுதுங்க."

டீச்சர் புதுத் தாள் எடுத்துக் கார்பன் வைத்தார். பிறகு எழுதினார். கைப்பிடியின் சாவி மின்வாரிய ஊழியரல்லாத என் கணவரிடம் உள்ளது. ஊழியரின் எழுத்துமூலமான சொல்லின் பேரில் அவரே ஏறி பீஸ் போடுகிறார். கைப்பிடியை இறக்கியும் ஒரு கத்தி விலகுவதில்லை. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் அலுவலகமே பொறுப்பு. கடைசியில், நகல்: செயற்பொறியாளர் அவர்களுக்கு.

இந்தத் தடவை எழுத்தர் படித்ததும் எழுந்தார். மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உதவிப் பொறியாளரே அவளைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னைக்கே ஆளை அனுப்புறேன்மா. சாவி சமாச்சாரத்தையும் நகலையும் மட்டும் எடுத்துட்டு எழுதிக் கொண்டாங்க. உங்க சொந்தக்காரப் பையன் வேலையும் தப்பிக்கும்."

அன்னக்கொடிக்கு வீரணனின் அம்மா முகம் ஞாபகம் வந்தது. தன்னைத் தூக்கி வளர்த்த சின்னாத்தாள். ஆனாலும் கார்பன் பிரதியை மேசையில் வைத்தாள்.

"இதுல சீலு வச்சுக் குடுங்க சார். மேலாபீசுக்கு நான் தபால்ல போட்டுக்கிறேன்."

மறுநாள் காலை ஜீப் வந்தது. முறைப்படி லைனை நிறுத்தினார்கள். சிக்கிய கத்தியை நேராக்கினார்கள். உக்கிரபாண்டி சுற்றிவைத்திருந்த தடித்த அலுமினியக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சரியான பீஸ் கம்பி போட்டார்கள். பொறியாளர் எல்லார் முன்னாலும் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கச் சொன்னார். இனிமேல் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். வீரணனுக்கு மெமோ.

ஜீப் போனதும் ஊர் பேச ஆரம்பித்தது. இனிமேல் பீஸ் போனால் யார் ஏறுவது என்றார்கள். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒரே தாளில் விற்றவள் என்றார்கள். சின்னாத்தாள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதுதான் அவளுக்கு வலித்தது. மற்றவர்களை அவள் மனுஷராகவே எண்ணவில்லை.

வீட்டில் உக்கிரபாண்டி தட்டைத் தள்ளிவிட்டார். "ஊரு முன்னால புருசனக் காட்டிக்குடுத்துட்டியேடி."

அன்னக்கொடி தட்டை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"ஆமா, காட்டிக்குடுத்தேன். கம்பத்துல கரிக்கட்டையாத் தொங்கையில காட்டச் சொல்றியா? அப்பவும் இதே ஊரு வந்து பாத்திருக்கும். சோத்தத் தின்னு."

அவர் தின்னவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை, அவர் கை தட்டுக்கு வருகிறவரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.