விற்பனைக்கு இல்லாத வாழையிலை

எங்கள் கணினி விளையாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்த வேண்டும். காலையில் கடையைத் திறந்து, சமைத்து, மேசையில் அடுக்கினால் ஆட்கள் வந்து வாங்குவார்கள். அவ்வளவுதான். மலாக்காவின் செமாபோக்கில் நண்பனின் வீட்டு மேல்மாடி அறையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அதைச் செய்தோம். நிரலில் கடினமான பகுதிகளை அவன் எழுதினான். படம், கதை, எழுத்து எல்லாம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். குருபோங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் என் வேலை என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம், "கம்ப்யூட்டர்ல சோறு விக்கிறான்" என்றே அவர் சொல்லிவந்தார்.

ஆட்டக்காரர்களே புதிய பொருள்களைச் சேர்க்க வழி விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். ஒருவர் செய்த விளையாட்டில் இன்னொருவர் சொந்தமாகச் சேர்க்கும் பகுதிக்கு மோட் என்று பெயர். எங்களுக்குத் தெரிந்த பலகாரங்கள் கொஞ்சம்தான், மலாக்காவில் இருப்பதோ ஏராளம். ஆகவே மோட் செய்கிறவர்களுக்காக ரீட்மி என்ற வழிகாட்டிக் குறிப்பு ஒன்று எழுதினேன். பரீட்சைக்குப் படித்த அதே அக்கறையோடு மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். அதன் சாரம் இதுதான்:

"மோட்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்களுக்கென்று ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். அதில் பொருளின் விவரங்களை எழுதிய ஒரு ஜேசன் கோப்பும், பொருளின் படமும் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாளச் சொல், பெயர், விலை, படத்தின் பெயர் வேண்டும். அடையாளச் சொல்லுக்கு முன்னால் உங்கள் மோட்டின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறொருவரின் கேசரியும் உங்கள் கேசரியும் மோதிக்கொள்ளும். ஒருமுறை வெளியிட்ட அடையாளச் சொல்லைப் பிறகு மாற்றாதீர்கள். சேமித்த ஆட்டத்தில் அந்தச் சொல் மட்டும்தான் பதிவாகிறது. கடைசிப் பொருளுக்குப் பின்னால் காற்புள்ளி போடாதீர்கள். ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள ஏற்றி, சேமிப்பு, கடை என்ற, ஆட்டத்தை ஓட்டும் மூன்று ஸ்கிரிப்டுகளையும் தொடாதீர்கள்."

நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்தேன். மூன்றாவது அப்டேட்டைப் போட்ட மறுநாள் நண்பன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கணினியை என் பக்கம் திருப்பினான்.

"பாரு. காலைல கடை தொறந்ததும் ஆட்டம் நின்னுடுதாம். எல்லாரும் திட்றானுங்க."

"நம்ம கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே டா?"

"நம்ம கம்ப்யூட்டர்ல மோட் இல்லலா. திட்றவன் எல்லார்கிட்டயும் ஒரே மோட் இருக்கு. யாரோ உன் ரீட்மிய படிச்சுட்டு, படிக்காத மாதிரி கடை ஸ்கிரிப்ட மாத்திருக்காங்க."

அந்த மோட்டைப் பதிவிறக்கிப் பார்த்தோம். மேசையில் ஒரு வாழையிலை, அதன்மேல் சோறு, குழம்பு, பலகாரம், பழம். படங்களை யாரோ பொறுமையாக வரைந்திருந்தார்கள். ஜேசன் கோப்பிலும் பிழை இல்லை. ஆனால் கூடவே ஒரு கடை ஸ்கிரிப்டும், "இதை ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் பழையதன்மேல் ஒட்டுங்கள்" என்று ஒரு வரியும் இருந்தன. எங்கள் புதிய அப்டேட்டில் கடை ஸ்கிரிப்டுக்குள் ஒரு புதிய வேலையைச் சேர்த்திருந்தோம். கடை திறக்கும்போது மற்ற ஸ்கிரிப்டுகள் அதைக் கூப்பிடும். அப்டேட் அவர்கள் ஒட்டியிருந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டதும், வாழையிலை வேலை செய்யவில்லை என்று ஆட்டக்காரர்கள் மறுபடியும் பழைய ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழையதில் அந்த வேலை இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, ஆட்டம் நின்றுவிடுகிறது.

"மோட்டையே மூடிடலாம்," என்றான் நண்பன். "அடுத்த அப்டேட்ல மோட்ஸ் கோப்புறையவே படிக்காம விட்டுர்றேன். இவங்க கெடுத்து ரோசாக் பண்ணுவாங்க, நாம திட்டு வாங்கணுமா?"

"ஒருத்தங்க செஞ்சதுக்காகவா?"

"இன்னிக்கி ஒருத்தங்க. நாளைக்கி எல்லாரும். நீ எழுதுன ரீட்மிய உங்க அம்மாகூட படிச்சிருக்க மாட்டாங்க."

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஞாயிறு வரைக்கும் பொறு என்று கேட்டுக்கொண்டேன். அதற்குள் ஸ்கிரிப்டைத் தொடாமல் அந்த இலையைக் கொண்டுவர முடிந்தால் மோட் இருக்கும், முடியாவிட்டால் மூடிவிடுவது என்று ஒப்புக்கொண்டான்.

மோட் செய்தவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், செட்டிகளின் குடியிருப்பான செட்டி கம்பத்தில் இருந்தார் அந்தப் பெண். என் வயதுதான் இருக்கும். பகலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்தான் என்றாலும், செட்டி வீடுகளில் தமிழ் பேசுவதில்லை. சாமி கும்பிடுவதில் நாங்கள் ஒன்று, பேச்சில் வேறு. எனவே நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நண்பனையும் இழுத்துக்கொண்டு போய், அவர் வீட்டருகே ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். அவர் மடிக்கணினியோடு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நண்பன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரோ உட்கார்ந்ததும் எங்களைக் கேட்டார்:

"உங்க ஆளுங்களுக்கு வெட்கமே இல்லையா?"

"எந்த ஆளுங்களுக்கு?" என்றான் நண்பன்.

"உங்க கடைக்கு வர்ற ஆளுங்களுக்கு. இங்க பாருங்க."

ஸ்கிரிப்டை மாற்றாத பழைய ஆட்டத்தை ஓட்டிக் காட்டினார். மேசையில் இலையைப் போட்டார். பக்கத்தில் நாங்கள் செய்த தோசை, நாசி லெமாக், வடை எல்லாம் இருந்தன. கடை திறந்தது. வந்த ஒவ்வொருவரும் வேறு எதையும் திரும்பிப் பாராமல் நேராக வாழையிலைக்கே போனார்கள். தெருக்கோடி வரைக்கும் வரிசை நின்றது.

"இது பர்ச்சுக்குப் போடற இலை," என்றார். "எங்க வீட்ல செத்துப்போன பெரியவங்களுக்கு வெக்கிற சாப்பாடு. அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்திருந்து அப்புறந்தான் நாங்க சாப்பிடுவோம். சமைக்கும்போது உப்பு கூட பாக்க மாட்டோம். உங்க ஆளுங்க என்னடான்னா வரிசையில நின்னு தூக்கிட்டுப் போறாங்க."

நான் ஜேசன் கோப்பைப் பார்த்தேன். விலை பூஜ்யம் என்று இருந்தது.

"ஏன் பூஜ்யம் போட்டீங்க?"

"விலையே எழுதாம விட்டேன். உங்க ஆட்டம் பொருளை ஏத்தவே மாட்டேன்னுச்சு. விலை வேணும்னு உங்க ரீட்மியிலயும் இருக்கு. சரின்னு பூஜ்யம் போட்டேன்."

நண்பன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. ஒரு பொருளை வாங்க ஆட்களுக்கு எவ்வளவு ஆசை என்பதை நூறை விலையால் வகுத்துக் கணக்கிட்டிருந்தோம். விலை குறைந்தால் ஆசை கூடும். விலை பூஜ்யமானால், நாங்கள் எழுதிய மொழியில் ஆட்டம் நிற்காது, அந்த ஆசை முடிவிலியாகிவிடும். பிறகு வேறு எதையும் யாரும் வாங்கப் போவதில்லை. இலைப் பொருளை ஆசைக் கணக்கில் சேர்க்காதே என்று கடை ஸ்கிரிப்டில் இவர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்காக முழு ஸ்கிரிப்டையும் மோட்டோடு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

"ஈசியான வழி இருக்கு," என்றான் நண்பன். "விலைய ஒரு லட்சம்னு போட்டுருங்க. யாரும் வாங்க மாட்டான்."

"எவனாவது பணக்காரன் வந்தா?"

"வர மாட்டான். ஆசை ரொம்ப ரொம்பக் கம்மியாயிடும்."

"கம்மிதானே? இல்லாம போகாதுல்ல?" அவர் நண்பனை நேராகப் பார்த்தார். "அதுவும் போகட்டும். தாத்தா இலைக்கு ஒரு லட்சம்னு என் மாமிகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா? தாக் போலே ஜுவால். விக்கக் கூடாது. விலை எழுதறதே தப்பு."

நண்பன் காப்பியைக் குடித்தான். 

நான் என் ரீட்மியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். எதைத் தொடக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. இந்தப் பெண் சொன்னதை எழுத எங்கள் கோப்பில் எங்கே இடம் என்று தேடினேன். பெயருக்கு இடம் இருந்தது, விலைக்கும் படத்துக்கும் இருந்தது. கடையில் இருக்கும், ஆனால் விற்க மாட்டோம் என்று சொல்ல இடமே இல்லை. கதவு இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாக ஏறாதே என்று பலகை மாட்டியிருந்தோம்.

"இன்னொரு கட்டம் சேப்போம் டா," என்றேன் தமிழில். "விற்பனைக்கு: ஆம், இல்லை. அவ்வளவுதான்."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டம் சேத்துக்கிட்டே போவியா?"

"ஒருத்தருக்கு இல்லடா. கடையில விக்காத பொருள் எவ்வளவு இருக்கு? மேல பாரு." காப்பிக்கடைச் சுவரில் கடிகாரம், காற்றாடி, சிவப்புச் சாமிமேடை, கல்லாப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி. "நம்ம கடையில ஒரு கடிகாரம்கூட வெக்க முடியாது. வெச்சா எவனாவது வாங்கிட்டுப் போயிடுவான்."

அவன் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணிடம் மலாயில், "கொஞ்சம் மடிக்கணினி தர்றீங்களா?" என்று கேட்டான்.

அவன் கோபக்காரன்தான், ஆனால் வேலையில் சுத்தம். அங்கேயே எழுதிக் காட்டினான். கட்டம் எழுதப்படாவிட்டால் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஏற்கெனவே வந்துள்ள மோட்டுகள் எதுவும் கெடாது. 'இல்லை' என்றால் ஏற்றி ஸ்கிரிப்ட் விலையைக் கேட்கக் கூடாது. கடை ஸ்கிரிப்டும் ஆசையைக் கணக்கிடும் முன்பே அந்தப் பொருளை ஒதுக்கிவிட வேண்டும். இந்த மாற்றம் எங்கள் ஸ்கிரிப்டுகளிலேயே இருப்பதால் மோட்டில் ஸ்கிரிப்டே வேண்டியதில்லை. அவர் தன் கோப்பில் விலை வரியை அழித்துவிட்டு, விற்பனைக்கு இல்லை என்று எழுதினார்.

அன்று மாலை ரீட்மியைத் திரும்ப எழுதினேன். தொடாதீர்கள் என்பது அப்படியே இருந்தது. அதன் கீழே காரணத்தைச் சேர்த்தேன்: "ஒவ்வொரு அப்டேட்டும் இந்த ஸ்கிரிப்டுகளைப் புதிதாக எழுதிவிடும். உங்கள் மாற்றம் காணாமல் போகும். பழைய ஸ்கிரிப்டைத் திரும்ப ஒட்டினால் ஆட்டம் நிற்கும். ஸ்கிரிப்டைத் தொட்டால்தான் முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், எங்கள் கோப்பில் ஏதோ ஒரு கட்டம் குறைகிறது. என்ன செய்ய விரும்பினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்." இதை முதலில் மலாயில் எழுதினேன். அவரைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாக்கியங்களை உடைத்துச் சின்னதாக்கி அனுப்பினார். தமிழ்ப் பிரதியிலும் அவற்றை உடைத்தேன், படிக்க நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போனது. ஸ்கிரிப்டுகள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. மேல்மாடியில் நானும் நண்பனும் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் தன் வீட்டிலிருந்து ஒரு காணொளி அனுப்பினார். கடை திறக்கிறது. ஆட்கள் வருகிறார்கள். ஒருவன் தோசை வாங்குகிறான், ஒருத்தி நாசி லெமாக் வாங்குகிறாள். வாழையிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. காணொளிக்குப் பின்னால் ஒரு வயதான பெண் குரல், இலையில் பலகாரம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று மலாயில் அதட்டிக்கொண்டிருந்தது.

"சுத்திப் போறானுங்க டா," என்றான் நண்பன். "ஒருத்தன்கூட தொடல."

அவன் இன்னொரு கோப்பைத் திறந்தான். மோட்ஸ் கோப்புறையைப் படிக்காமல் விடுவதற்காக அவன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வரிகள் அதில் இருந்தன. எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறான். அவற்றை அழித்துச் சேமித்தான்.

மேசையில் இருந்த என் தொலைபேசி ஒலித்தது. அவர்தான்.

"இலைக்குப் பக்கத்துல விளக்கு எரியணும். ஸ்கிரிப்டைத் தொடலை," என்று எழுதியிருந்தார். "கேக்கறேன்."

நண்பன் எட்டிப் பார்த்தான். "எரியுறதா, அணையுறதா, ரெண்டும் வேணுமான்னு கேளு," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.