மூன்று லட்சம் காட்டிய முகம்

ஆஸ்டின் டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற சங்கமித்ராவுக்குத் தன் முகத்தைப் பார்த்தே பயம் வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, இது நீங்கதானே?"

அவள்தான். கழுத்தில் அதே மஞ்சள் துப்பட்டா. "முதல் மாசமே மூணு லட்சம் தாண்டிடுச்சு சார்" என்று சிரிக்கிறாள். கீழே பெரிய எழுத்தில்: "கடையில் வேலை பார்த்த பெண், இன்று தனக்கே முதலாளி." அதற்கும் கீழே, பயிற்சியில் சேர ஒரு பட்டன்.

"மாசம் மூணு லட்சம் வந்தும் இங்க எதுக்குக்கா நிக்கறீங்க?" என்று பையன் நிஜமான வியப்போடு கேட்டான். அவள் மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வீடியோவில் அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

போன வருடம் ஹரிஷ்குமார் என்பவர் நடத்தும் ஆன்லைன் பயிற்சியில் அவள் சேர்ந்தாள். சரக்கு வாங்கி வைக்க வேண்டாம்; இணையத்தில் ஒரு கடை திறந்து, போனில் விளம்பரம் போட்டு, ஆர்டர் வந்ததும் மொத்த வியாபாரியே நேராக வாங்குபவருக்கு அனுப்பிவிடுவார். இதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். தூங்கும்போதும் பணம் வரும் என்றார் ஹரிஷ்குமார். காய் நறுக்கும் கருவி ஒன்றை அவள் விற்றாள். ஆர்டர் மழையாகக் கொட்டியது. இணையக் கடையின் கணக்குப் பக்கத்தில் 'மொத்த விற்பனை' மூன்று லட்சத்தைத் தாண்டிய அன்று, சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்து மாணவர்கள் குழுவில் போட்டாள். ஹரிஷ்குமாரே வீடியோ காலில் வந்து வாழ்த்தினார். அந்தப் பேச்சு பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியும். அது என்னவாகும் என்று தெரியாது.

அடுத்த வாரங்களில் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வீட்டு வாசலில் பணம் கொடுக்கும் ஆர்டர்கள் அவை. கூரியர்காரர் போனால் கதவு பூட்டியிருக்கும், அல்லது "வேண்டாம்" என்பார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அப்படித் திரும்பின. போகவும் வரவும் கூரியர் கட்டணம் அவள் தலையில்தான் விழுந்தது. விளம்பரத்துக்கான பணமோ முன்னாலேயே போயிருந்தது. பொருளின் விலையையும் கழித்தபோது கையில் நின்றது நஷ்டம். இணையக் கடையை மூடிவிட்டு மருந்துக் கடை வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் 'மொத்த விற்பனை' என்ற அந்த எண் மட்டும், அவள் சிரிப்போடு சேர்ந்து, ஊர் சுற்றப் போயிருந்தது.

பயிற்சி அலுவலகத்துக்குப் போன் செய்து அந்த வீடியோவை எடுக்கச் சொன்னாள். எடுத்த பெண், "வீடியோவை விளம்பரத்துக்கு எடுத்துக்கலாம்னு சேரும்போது ஒத்துக்கிட்ட விதிமுறையிலேயே இருக்கு மேடம்" என்றாள். ஹரிஷ்குமாருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: "நீங்க சொன்னது உங்க வாயால சொன்னது. வெளிய தப்பா பேசினா வக்கீல் நோட்டீஸ் வரும். யோசிச்சுக்கோங்க."

அன்றிலிருந்து தெரியாத எண்ணில் போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் கணவன் நாகேஷிடம் சொன்னாள்.

"வுட்டுடு மித்ரா. கேஸ் கீஸுன்னு நம்மால அலைய முடியுமா?" என்றான் அவன். அவன் குரலிலும் பயம் இருந்தது.

விட்டுவிட்டிருப்பாள். ஆனால் வீணா என்ற முன்பின் தெரியாத பெண் அவளை இணையத்தில் தேடிப் பிடித்து ஒரு செய்தி அனுப்பினாள். 'அக்கா, நான் எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு கால் சென்டர்ல இருக்கேன். சொந்த ஊர் திருப்பத்தூர். உங்க வீடியோவைப் பார்த்துதான் தைரியம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை வேலையை விடறேன். அம்மாவோட செயினை வச்சு ஃபீஸ் கட்டப் போறேன். ஒரு தடவை பேசலாமா?'

எழுத்தில் பதில் போட்டால் அதுவே தனக்கு எதிராகத் திரும்புமோ என்று சங்கமித்ரா அஞ்சினாள். யார் கண்டது, இந்த வீணாவே ஹரிஷ்குமார் அனுப்பிய ஆளாக இருந்தால்? இருந்தும் போனில் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். மேம்பாலத்தில் பஸ் போன நேரமெல்லாம் திரும்பிவிடலாமா என்றே யோசித்தாள்.

வீணா தங்கியிருந்த பிஜி விடுதியின் கீழே ஒரு டீக்கடை. அங்கே காத்திருந்த வீணாவுக்கு மெலிந்த, களைத்த முகம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

சங்கமித்ரா தன் பழைய கடையின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "இது மொத்த விற்பனை. பார்த்தியா, அதே நம்பர்தான். இப்ப இங்க அமுக்கு. திரும்பி வந்ததை மட்டும் காட்டும்."

பட்டியல் நீண்டுகொண்டே போனது. வீணா விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு சங்கமித்ரா விளம்பரக் கட்டணத்தையும் கூரியர் பிடித்தத்தையும் காட்டினாள்.

வீணாவின் முகம் மாறவில்லை. "நீங்க பொருளைத் தப்பா செலக்ட் பண்ணியிருப்பீங்க அக்கா. சொன்னபடி செய்யாதவங்கதான் தோப்பாங்கன்னு சார் சொல்றாரு. அவரோட கடைப் பக்கத்தையே லைவ்ல ரெஃப்ரெஷ் பண்ணிக் காட்டினாரு. போலின்னா அப்படிக் காட்ட முடியுமா?"

இதற்குத்தான் சங்கமித்ரா பயந்திருந்தாள். உண்மையான சான்றுதான் பொய்யைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

"நான் காட்டினதும் போலி இல்லம்மா," என்றாள் மெதுவாக. "ரெஃப்ரெஷ் பண்ணா வித்ததுதான் தெரியும். மிச்சம் எவ்ளோன்னு தெரியாது. இன்னிக்கு சாயங்காலம் அவர் கிளாஸ் இருக்குல்ல? ஒண்ணே ஒண்ணு கேளு. ரிட்டர்ன், விளம்பரம், கூரியர் எல்லாம் போக பேங்க்ல என்ன நின்னுச்சு? கடையில வந்தது எவ்ளோ, பயிற்சி ஃபீஸ்ல வந்தது எவ்ளோ? வருமான வரிக் கணக்குல அதைத் தனித்தனியா காட்டச் சொல்லு. சரியா பதில் சொன்னா, நான் வாயை மூடிக்கறேன்."

வீணா மாலை இலவச வகுப்பில் சேர்ந்தாள். சங்கமித்ரா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஹரிஷ்குமார் வெள்ளைச் சட்டையில் சிரித்துப் பேசினார். வீணா கேள்வியைத் தட்டினாள். எழுத்து திரையில் தோன்றியது. சற்று நேரத்தில் காணாமல் போனது. மறுபடி தட்டினாள். இந்த முறை திரையே வெறுமையாகி, 'நீங்கள் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டீர்கள்' என்று வந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கியிருந்தார்கள்.

வீணா போனைக் கவிழ்த்து வைத்தாள். "பதில்னு ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன் அக்கா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேலையை விடவில்லை. செயினும் அம்மாவிடமே இருந்தது.

கேள்விக்குப் பின்னால் இருந்தது யார் என்று எப்படித் தெரிந்ததோ, மறுநாளே சங்கமித்ராவுக்கு வக்கீல் பெயரில் ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. அவள் போனை நாகேஷிடம் நீட்டினாள். நாகேஷ் அதை இரண்டு முறை வாசித்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றான். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் காவலர் கன்னடத்தில் கேட்டதற்கெல்லாம் சங்கமித்ரா கன்னடத்திலேயே சொன்னாள். தன் கடையின் கணக்கை ஒரு வீடியோவாகவும் போட்டாள்: விற்றது, திரும்பியது, செலவு, நஷ்டம். ஹரிஷ்குமாரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்குத்தான் அவளுக்குத் துணிவு இருந்தது.

சில வாரங்களில் அவள் முகம் விளம்பரத்திலிருந்து மறைந்தது. புகாரால் மறைந்ததா, அவர்களே எடுத்தார்களா என்று யாரும் சொல்லவில்லை. நோட்டீஸுக்குப் பின் வேறெதுவும் வரவில்லை. ஆனாலும் வாசலில் தபால்காரர் சத்தம் கேட்டால், நோட்டீஸோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தபோது அதே வெள்ளைச் சட்டை, அதே பட்டன். நடுவில் வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தொம்மலூரில் தையல் வேலை செய்தவளாம். அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்று சங்கமித்ரா அவள் பெயரைத் தேடத் தொடங்கினாள்.