எட்டுப் பேருக்கு அரிசிக் கணக்கு

எட்டுப் பேருக்கான மாதச் சாமான் பட்டியல், மூத்த மருமகளான என் தலையில் விழுந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி வேண்டுமென்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

“எனக்கு என்னம்மா, வேளைக்கு ஒரு கைப்பிடி போதும்” என்றார் மாமியார். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். தலைக்கு இருநூறு கிராம் போட்டு நாற்பத்தெட்டு கிலோ வாங்கினோம். இருபதாம் நாள் மூட்டை காலி. மாத்தளையில் ஊரடங்கு; மூன்று நாள் மரவள்ளிக்கிழங்கு.

அடுத்த மாதம், ஒவ்வொருவரிடமும் மற்றவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். தலைக்கு நானூறு கிராம் தேறியது. தொண்ணூற்றாறு கிலோவில் இருபத்துநான்கு மிஞ்சியது. ஆக, உண்மை முந்நூறு.

யார் பொய் சொன்னது? ஒரு வாரம் ஒவ்வொரு தட்டுக்கும் அகப்பை எண்ணிப் பரிமாறினேன். மாமியார் சொன்னது உண்மை. அதிக அகப்பை விழுந்தது என் தட்டில்.

பட்டியலில் எல்லோருக்கும் முந்நூறு என்றே எழுதினேன்.