குறுக்குக் கட்டை

அவர் மிதக்கும் வீடு கட்டும் தச்சர். கோடையில் அந்த வீடுகள் தரையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளம் வந்தால் தளத்துக்கு அடியில் கட்டிய மூங்கில் கட்டுகள் வீட்டைத் தூக்கும். நாலு மூலையிலும் நாலு கம்பங்கள். அவற்றை அணைத்த பிரம்பு வளையங்கள் வீட்டோடு ஏறும், இறங்கும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில், ஒரு வீட்டின் வளையங்கள் கம்பத்தின் உச்சியைத் தாண்டிக் கழன்றன. வீடு அடுப்போடும் பூனையோடும் போய், இரண்டு மைல் தள்ளி வயலில் தட்டி நின்றது. அதன்பிறகு அவர் தன் வீட்டுக்கும் தான் கட்டிய பதினொரு வீட்டுக்கும் கம்ப உச்சியில் குறுக்குக் கட்டை அடித்தார்.

"அதுக்கும் மேல தண்ணி வந்தா?" என்று கேட்டாள் மனைவி.

"அப்ப உலகமே முழுகிடும். உனக்கு மட்டும் தனியா கவலை எதுக்கு?"

இந்த வருஷம் அந்த அளவு தண்ணீர் வந்தது. காலையில் வளையங்கள் கட்டையில் முட்டின. தண்ணீர் ஏறியது, வீடு ஏறவில்லை. பலகை இடுக்கில் நீர் கொப்பளித்தது. அவர் முதலில் வீட்டை நீண்ட கயிற்றால் புளியமரத்தில் கட்டினார். பிறகு அரிவாளால் வளையங்களை எதிரெதிர் மூலையாக வெட்டினார். கடைசி வளையம் அறுந்ததும் வீடு துள்ளி எழுந்தது, பாத்திரங்கள் உருண்டன.

"மத்த பதினொண்ணும்?" என்றாள் அவள்.

அவர் படகில் ஏறிவிட்டார்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு வீடாகக் கயிறு, வெட்டு, துள்ளல். ஆறாவது வீட்டுக்காரர் கத்தியது தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. "நீயே அடிப்பே, நீயே அறுப்பியா? எந்த ஊர் வேலைய்யா இது?"

"திட்டு அண்ணே, அப்புறம் திட்டு. கயித்தைப் பிடி முதல்ல."

ஒன்பதாவது வீட்டில் தளம் முழங்கால் ஆழத்தில் இருந்தது. மூன்று மூலைகள் விடுபட்டதும் வீடு சரிந்தது; மொத்த இழுப்பும் நாலாவதில். வளையம் தண்ணீருக்குள் போயிருந்தது. அவர் படகிலிருந்து குனிந்து, கையை உள்ளே விட்டு அறுத்தார். அந்த மூலை மேலே பாய்ந்தது. மூங்கில் முனைகள் படகைப் புரட்டின.

"என்னங்க!"

அந்த வீட்டாரில் ஒருவர் குதித்தார். தனியாக மேலே வந்தார். மறுபடி குதித்தார்.

அவளிடம் படகில்லை. இருந்த ஒரே படகு அங்கே கவிழ்ந்து கிடந்தது. கையில் சிக்கியது தன் வீட்டைக் கட்டிய கயிறு, இழுத்தாள். வீடு நகர்ந்தது, புளியமரத்தை நோக்கி, அவர் இருந்த பக்கத்துக்கு நேர் எதிரே. விட்டாள். வெள்ளம் வீட்டைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தது. மறுபடி இழுத்தாள்.

இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் பெயரைச் சொல்லி.